பதினாறாவது இலக்கம் எங்கே போயிற்று?

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் அப்பகுதிக்கு அடையாளங்கள். அங்கு வசிக்கும் முதியவர்கள் சிலருக்கு மாலை வேளைகளில் கணினியில் விரிதாளைக் கையாளச் சொல்லித் தருகிறேன். மாணவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். ஒரு நாள் அவர் மிகுந்த கவலையோடு வந்தார். தபாலில் வந்த அவருடைய புதிய பற்று அட்டை போலியானது என்று விரிதாள் சொல்லிவிட்டதாம்.

அட்டை எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது என்று அவர் எங்கோ படித்திருந்தார். கணித ஆசிரியர் அல்லவா, தாமே சோதித்துப் பார்த்துவிட்டார். சரியான எண்ணாயின் மீதி 0 வர வேண்டும். அவருக்கு 4 வந்தது. இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு "வாடிக்கையாளர் சேவை" எண்ணை அழைக்கும் எண்ணத்தில் இருந்தார். நல்லவேளை, அழைக்கவில்லை. அவ்வாறு கிடைக்கும் எண்கள் பல மோசடிக்காரர்களுடையவை. அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணே நம்பத்தக்கது.

"சார், அட்டையின் கடைசி இலக்கம் 6 தானே?" என்று கேட்டேன். அவர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார். "தம்பி, இது எப்படித் தெரிந்தது?" என்றார். அட்டையை நான் பார்த்ததே இல்லை. விரிதாள் எந்தப் பிழையைச் செய்திருக்கும் என்பதை ஊகித்தேன், அவ்வளவே. அந்தப் பிழை என்னவென்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், அந்தக் கடைசி இலக்கத்தின் கதை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர், எண்களைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைக் கண்டறிய ஒரு முறையை வகுத்தார். அதற்கென அவர் வடிவமைத்த கையடக்கக் கருவிக்கு 1954-ஆம் ஆண்டு காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1960-இல் அது வழங்கப்பட்டது. இன்று உலகெங்கும் வங்கி அட்டைகளின் எண்கள் அந்த முறையையே பின்பற்றுகின்றன. எண்ணின் கடைசி இலக்கத்தைச் சரிபார்ப்பு இலக்கம் என்கிறோம்.

முறை எளியது. வலப்புறக் கடைசி இலக்கத்திலிருந்து இடப்புறமாக வாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிப்பாக்குங்கள். கடைசி இலக்கத்தைத் தொட வேண்டாம். அதற்கு இடப்பக்கம் உள்ளதை இரட்டியுங்கள், அதற்கும் இடப்பக்கம் உள்ளதை விட்டுவிடுங்கள், அடுத்ததை இரட்டியுங்கள். இரட்டித்த விடை 9-ஐத் தாண்டினால் அதிலிருந்து 9-ஐக் கழியுங்கள். 16 என்பது 7 ஆகும், 10 என்பது 1 ஆகும். பிறகு எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்.

தாளும் பேனாவும் கொண்டு இதைச் செய்துவிடலாம். விரிதாளில் செய்வதானால் பதினாறு இலக்கங்களையும் பதினாறு கட்டங்களில் தனித்தனியே வைத்தாக வேண்டும். பிழை நேர்வது இந்தப் பிரிக்கும் வேலையிலும் அதற்கு முந்தைய கணத்திலும்தான்.

செய்து பார்ப்பதற்கு உங்கள் சொந்த அட்டை எண்ணைப் பயன்படுத்த வேண்டாம். பணப்பரிமாற்ற மென்பொருள்களைச் சோதிப்பதற்கென்றே நெடுங்காலமாகப் புழங்கிவரும் மாதிரி எண்கள் உள்ளன. அவற்றில் ஒன்று 4012 8888 8888 1881. எந்த வாடிக்கையாளருக்கும் உரியதல்ல; ஆயினும் லூன் முறைக்குச் சரியாகப் பொருந்தும். அதையே எடுத்துக்கொள்வோம்.

எக்செல் விரிதாளின் ஒரு வெற்றுக் கட்டத்தில் இந்த எண்ணை இடைவெளியின்றித் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். திரையில் 4.01289E+15 என்று தோன்றும். பதறி, அக்கட்டத்தின் வடிவமைப்பை Number என்று மாற்றி, தசம இடங்களை நீக்கினால் பதினாறு இலக்கங்களும் திரும்பி வந்ததுபோல் தெரியும். கூர்ந்து பாருங்கள்: 4012888888881880. கடைசியில் இருந்த 1 இப்போது 0.

எக்செல் எண்ணை ஓர் அளவாகக் கருதுகிறது; அளவுகளில் முதல் பதினைந்து இலக்கங்களை மட்டுமே அது காப்பாற்றும். பதினாறாவதிலிருந்து எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும். அளவைப் பொறுத்தவரை இது குற்றமே அல்ல. மேற்கண்ட எண்ணை ரூபாயாக நினைத்தால் ஏறத்தாழ 4,012 லட்சம் கோடி. அதில் ஒரு ரூபாய் குறைந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் அட்டை எண் ஓர் அளவன்று, ஒரு பெயர். பெயரின் கடைசி எழுத்தை மாற்றிவிட்டால் அது வேறொரு பெயர். போதாக்குறைக்கு, விரிதாள் விழுங்கும் அந்தப் பதினாறாவது இலக்கமே நாம் சோதிக்க வந்த சரிபார்ப்பு இலக்கம். விரிதாள் எச்சரிக்கை எதுவும் தருவதில்லை. பின்னர் வடிவமைப்பை எப்படி மாற்றினாலும் தொலைந்த இலக்கம் திரும்பாது, ஏனெனில் அது எங்கும் சேமிக்கப்படவில்லை.

நம் ஆசிரியர் இவ்வளவு நேரடியாகச் சிக்கவில்லை. அவர் அட்டையில் உள்ளபடியே நான்கு நான்கு இலக்கங்களாக, இடைவெளிவிட்டுத் தட்டச்சு செய்திருந்தார். இடைவெளி இருந்ததால் எக்செல் அதை எழுத்துத் தொடராக எடுத்துக்கொண்டது. பதினாறு இலக்கங்களும் பத்திரமாக இருந்தன. பிறகு இடைவெளிகள் இடையூறாக இருக்குமே என்று, Find & Replace மூலம் அவற்றை நீக்கினார். இடைவெளி மறைந்த கணத்தில் எக்செல் அதை எண் என்று முடிவு செய்து கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. சரியாக எழுதியவர் திருத்தியதால் கெட்டார். இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் "நான் சரியாகத்தானே தட்டச்சு செய்தேன்" என்ற நினைவு உண்மையாகவே இருக்கிறது.

இனிச் சரியான வழியைப் பார்ப்போம். எண்ணை எழுதுவதற்கு முன்பே A1 கட்டத்தின் வடிவமைப்பை Text என்று மாற்றிவிடுங்கள். முன்பே என்ற சொல் முக்கியமானது. எழுதிய பின் மாற்றினால் பயனில்லை. பிறகு எண்ணை இடைவெளியோடோ இல்லாமலோ எழுதலாம். இடைவெளிகளை நீக்கும் வேலையை A2 கட்டத்தில் ஒரு வாய்பாட்டிடம் விட்டுவிடுவோம். அதன் விடை எப்போதும் எழுத்துத் தொடராகவே இருக்கும், எண்ணாக மாறாது.

```
A2:  =SUBSTITUTE(A1," ","")
A3:  =ISTEXT(A1)
A4:  =LEN(A2)
```

A3-இல் TRUE என்றும் A4-இல் 16 என்றும் வந்தால் மட்டுமே மேலே செல்லுங்கள். A3-இல் FALSE என்றால் A1-இல் இருப்பது எண். கடைசி இலக்கம் ஏற்கெனவே போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். A4-இல் 17 அல்லது 19 என்று வந்தால், கண்ணுக்கு இடைவெளிபோலத் தெரிந்தும் இடைவெளி அல்லாத ஒரு குறி எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. இணையப் பக்கத்திலிருந்து படியெடுத்து ஒட்டும்போது இது நேரும். SUBSTITUTE வாய்பாட்டில் " " என்பதற்குப் பதிலாக UNICHAR(160) என்று இட்டால் பெரும்பாலும் அது நீங்கிவிடும்.

Text என்று வடிவமைத்த கட்டத்தில் எண்ணை எழுதியதும் அதன் மூலையில் ஒரு சிறிய பச்சை முக்கோணம் தோன்றலாம். எண் எழுத்தாகச் சேமிக்கப்பட்டுள்ளது என்பதே அது சொல்லும் செய்தி. கூடவே Convert to Number என்ற யோசனையையும் முன்வைக்கும். உதவி செய்ய வரும் அந்த யோசனையை ஏற்றால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்போது பிரித்தல். B1 முதல் Q1 வரை 1, 2, 3 என்று 16 வரை எழுதுங்கள். இவை இட எண்கள். பிறகு B2, B3, B4 ஆகிய கட்டங்களில் கீழ்க்காணும் வாய்பாடுகளை எழுதி, Q நிரல் வரை வலப்பக்கம் இழுத்துவிடுங்கள்.

```
B2:  =VALUE(MID($A2,B$1,1))
B3:  =IF(MOD(B$1,2)=1,B2*2,B2)
B4:  =IF(B3>9,B3-9,B3)
R4:  =SUM(B4:Q4)
R5:  =MOD(R4,10)
```

MID என்பது A2-இல் உள்ள தொடரிலிருந்து, மேலே குறித்த இடத்தில் உள்ள ஓர் இலக்கத்தை எடுத்துத் தருகிறது. இரண்டாம் வரிசையில் 4, 0, 1, 2, 8, 8 என்று ஒவ்வொன்றும் தன் கட்டத்தில் அமர்ந்துவிடும். மூன்றாம் வரிசை ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றை இரட்டிக்கிறது. பதினாறு இலக்க எண்ணில் வலமிருந்து இரண்டாவது என்பது இடமிருந்து பதினைந்தாவது என்பதால்தான் ஒற்றைப்படை இடங்கள் வந்தன. செல்பேசியின் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இதே லூன் முறையில் அமைந்ததே. அதைச் சோதித்தால் இரட்டைப்படை இடங்களை இரட்டிக்க வேண்டியிருக்கும். எண்ணின் நீளம் மாறும்போதெல்லாம் வலப்புறத்திலிருந்து எண்ணிப் பார்த்து இவ்வரிசையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நம் மாதிரி எண்ணில் ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 4, 1, 8, 8, 8, 8, 1, 8. இரட்டித்து, தேவையான இடங்களில் 9-ஐக் கழித்தால் 8, 2, 7, 7, 7, 7, 2, 7 என்றாகும். கூட்டினால் 47. இரட்டைப்படை இடங்களில் மாற்றமின்றி நிற்பவை 0, 2, 8, 8, 8, 8, 8, 1. கூட்டினால் 43. இரண்டும் சேர்ந்து 90. R5-இல் மீதி 0. எண் சரியானது.

B2-இல் VALUE எதற்கு, MID மட்டும் போதாதா என்று ஆசிரியர் கேட்டார். போதாது. MID தருவது இலக்கத்தின் எழுத்து வடிவம். பார்வைக்கு 8 போலவே இருக்கும். எக்செல்லுக்கோ அது ஒரு சொல். சொல்லையும் எண்ணையும் ஒப்பிட்டால் சொல்லே பெரியது என்பது எக்செல்லின் விதி. ஆகவே இரட்டிக்கப்படாத எட்டு இலக்கங்களையும் நான்காம் வரிசை "9-ஐத் தாண்டியவை" என்று கொண்டு ஒவ்வொன்றிலும் 9-ஐக் கழித்துவிடும். மொத்தம் 72 குறையும். 90-க்குப் பதில் 18 வரும், மீதி 8. சரியான பதினாறு இலக்க எண் எதை இட்டாலும் இதே 8 தான் வரும். உங்கள் விரிதாளில் நல்ல எண்களெல்லாம் மீதி 8 என்று காட்டினால் அட்டையைச் சந்தேகிக்க வேண்டாம்; B2-இல் VALUE விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆசிரியரின் அட்டைக்கு வருவோம். அவருடைய விரிதாளில் பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிட்டது. மற்ற பதினைந்தும் சரியாகவே இருந்தன. பதினாறாவது இடம் இரட்டிக்கப்படுவதில்லை. அதில் உள்ள இலக்கம் அப்படியே கூட்டலில் சேர்கிறது. ஆகவே உண்மையான கூட்டுத்தொகையில் குறைந்தது அந்த இலக்கத்தின் அளவு மட்டுமே. மீதி 4 என்றால் அடுத்த பத்தை எட்ட 6 வேண்டும். தொலைந்தது 6. நம் மாதிரி எண்ணிலும் இதைச் சோதிக்கலாம்: 4012888888881880 என்பதன் கூட்டுத்தொகை 89, மீதி 9, தொலைந்த இலக்கம் 1.

பத்து அட்டைகளில் ஏறத்தாழ ஒன்றின் கடைசி இலக்கம் இயல்பாகவே 0 ஆக இருக்கும். அத்தகைய அட்டையை வைத்துச் சோதித்திருந்தால் விரிதாள் இலக்கத்தை விழுங்கியதே தெரிந்திராது, விடையும் சரியாகவே வந்திருக்கும். "என் விரிதாளில் எல்லாம் சரியாக வருகிறதே" என்று சொல்பவர் ஒரேயோர் எண்ணை மட்டும் சோதித்திருந்தால் அதை நம்பிவிட முடியாது. இன்னொன்று: இந்த மீட்பு ஓர் இலக்கம் தொலைந்தால் மட்டுமே செல்லும். அட்டை எண்கள் பத்தொன்பது இலக்கங்கள் வரை நீளலாம். அப்படிப்பட்ட எண்ணை எண்ணாகப் புகுத்தினால் கடைசி நான்கு இலக்கங்கள் போய்விடும். நான்கை ஒரு சமன்பாட்டிலிருந்து மீட்க இயலாது.

மீதி 0 வந்தால் என்ன பொருள் என்பதையும் அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். எண்ணைத் தட்டச்சு செய்கையில் ஓர் இலக்கம் மாறிவிட்டால் லூன் முறை அதைத் தவறாமல் கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் ஏறத்தாழ எப்போதும் கண்டுபிடிக்கும். நம் எண்ணின் தொடக்கத்தை 4012 என்பதற்குப் பதில் 4102 என்று எழுதிப் பாருங்கள். கூட்டுத்தொகை 89 ஆகிவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. 09 என்பது 90 என்று மாறினால் இம்முறைக்குத் தெரியாது. 0-வை இரட்டித்தால் 0, 9-ஐ இரட்டித்து 9-ஐக் கழித்தால் மறுபடியும் 9. எப்படி வைத்தாலும் இரண்டும் சேர்ந்து 9 தான். இவ்வாறே 22 என்பது 55 ஆகத் தவறினாலும் கூட்டுத்தொகை மாறாது. அன்றியும், கண்மூடித்தனமாக எழுதிய பதினாறு இலக்கங்களில் பத்தில் ஒன்று இச்சோதனையில் தேறிவிடும். தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்காக வந்த முறை இது. அட்டை மெய்யா, பொய்யா, நடப்பில் உள்ளதா என்று சொல்ல இதனால் முடியாது. மீதி 0 வராத எண்ணை ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிப் பணம் கேட்டால் ஐயப்படலாம். மீதி 0 வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

ஆதார் எண்ணையும் இப்படிச் சோதிக்கலாமா என்று வகுப்பில் ஒரு பெண்மணி கேட்டார். ஆதாருக்குப் பன்னிரண்டு இலக்கங்கள்தாம்; ஆகவே இலக்கம் தொலையும் தொல்லை இல்லை. E+11 என்று சுருங்கித் தோன்றினாலும் உள்ளே முழு எண்ணும் இருக்கும். ஆனால் அதன் சரிபார்ப்பு இலக்கம் லூன் முறையில் அமைந்ததன்று. டச்சுக் கணிதவியலாளர் யாகோபுஸ் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறை அது; 09, 90 இடமாற்றத்தையும் தப்ப விடாது. இலக்கங்களைப் பிரிக்கும் வரிசை அப்படியே உதவும்; இரட்டித்துக் கூட்டுவதற்குப் பதிலாக அட்டவணைகளைப் பார்க்க வேண்டும். ஆதார் எண்ணை மேற்கண்ட விரிதாளில் இட்டு, மீதி 0 வரவில்லையே என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

வங்கிக் கணக்கு எண்ணின் நிலை வேறு. நம் நாட்டில் கணக்கு எண்களின் நீளம் வங்கிக்கு வங்கி மாறுபடுகிறது. எல்லா வங்கிகளுக்கும் பொதுவான சரிபார்ப்பு இலக்க முறை எதுவும் இல்லை. பல எண்கள் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. அவற்றை எண்ணாக எழுதினால் முன்னால் உள்ள பூஜ்யங்களும் உதிர்ந்துவிடும். குடியிருப்போர் சங்கத்துக்கோ குடும்பத்துக்கோ கணக்கு எண்களின் பட்டியல் வைத்திருப்பவர்கள், அந்த நிரல் முழுவதையும் முதலிலேயே Text என்று அமைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பட்டியலை .csv கோப்பாகச் சேமித்து மறுபடி எக்செல்லில் திறந்தால் Text என்ற அமைப்பு போய்விடும்; நீண்ட எண்கள் மீண்டும் சிதையும். அதை .xlsx கோப்பாகவே வைத்திருங்கள். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழியே பணம் அனுப்பும்போது வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணைக் கொண்டே. இப்போது இணைய வங்கிச் சேவையிலேயே பெறுபவரின் பெயரைப் பார்த்து உறுதிசெய்யும் வசதி வந்திருக்கிறது. சரிபார்ப்பு இலக்கம் இல்லாத இடத்தில் அந்தப் பெயரே உங்களுக்குச் சோதனை.

ஆசிரியர் மறுநாள் A1 கட்டத்தை Text ஆக்கி, மேற்கண்ட வாய்பாடுகளைத் தாமே எழுதி, மாதிரி எண்ணைச் சோதித்தார். மீதி 0. பிறகு தம் அட்டை எண்ணைத் தாளில் எழுதிக் கையாலேயே கூட்டிப் பார்த்தார், அதிலும் 0. பழைய விரிதாளை என்ன செய்வது என்று கேட்டார். இணைய வணிகர்கள்கூட வாடிக்கையாளரின் முழு அட்டை எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. நம் மடிக்கணினியில் மட்டும் எதற்கு? கோப்பை நீக்கினோம், நீக்கியவை தங்கும் தொட்டியையும் காலி செய்தோம். தாளை அவர் நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.